ஊறலை, ஊறலை, இன்னும் ஊறலை!

மூன்று வயது மகளுக்குக் கதை வாசித்தால் பாதியிலேயே எழுந்து ஓடிவிடுகிறாள் என்றீர்களே, அதை நரியும் ஆமையும் கதையை வைத்தே பார்ப்போம்.

நரி ஆமையைப் பிடித்துவிடுகிறது. கடித்தால் ஓட்டில் பல் இறங்கவில்லை. “என்னைக் குளத்தில் ஊறப்போடு, மெத்தென்று ஆகிவிடுவேன்” என்கிறது ஆமை. நரியும் அதைத் தண்ணீரில் வைத்து, தப்பிவிடாதபடி ஒரு காலால் அமுக்கிக்கொள்கிறது. இதுவரை மளமளவென்று வாசித்துவிடலாம். குழந்தைக்கான கதை இனிமேல்தான்.

“ஆமையாரே, ஆமையாரே, ஊறியாச்சா?”

“ஊறலை, ஊறலை, இன்னும் ஊறலை!”

இந்த இரண்டு வரியும் மூன்று முறை வர வேண்டும், ஓர் எழுத்துகூட மாறாமல். மாறுவது நரியின் பாடு மட்டும்தான். முதல் தடவை அதன் வயிறு கடமுடா என்கிறது. அடுத்த தடவை நாக்கில் எச்சில் ஊறுகிறது. மூன்றாவதில் தண்ணீரில் நின்று நின்று கால் வெடவெடக்கிறது.

ஒரே வரி அலுக்குமே என்று நாம் “சற்றுப் பொறும் நரியாரே, இன்னும் ஊறவில்லை” என்று மாற்றிவிடுகிறோம். அலுப்பு நமக்குத்தான். அடுத்து என்ன வரும் என்று தெரிந்தால்தானே அவள் கூடச் சேர்ந்து சொல்ல முடியும்? புத்தகத்தில் ‘ஊறவில்லை’ என்றே இருந்தாலும் ‘ஊறலை’ என்றே வாசியுங்கள். வீட்டில் காதில் விழுகிற சொல் அதுதான், சின்ன நாக்குக்கும் சுலபம்.

இரண்டாம் தடவை அவள் உதட்டைக் கவனியுங்கள், லேசாக அசையும். மூன்றாம் தடவை நரியின் கேள்வியோடு நிறுத்தி, ஒரு மூச்சு நேரம் சும்மா இருங்கள். பதிலை அவளே சொல்வாள். சொல்லாவிட்டால் பெரும்பாலும் நீங்கள் வேகமாக வாசித்திருப்பீர்கள். அந்த இரண்டு வரியை மட்டும் இன்னும் நிதானமாகச் சொல்லிப் பாருங்கள்.

நான்காம் தடவைதான் வரி உடைய வேண்டும். “ஊறியாச்சு, ஊறியாச்சு, எல்லாம் ஊறியாச்சு! உங்க கால் இருக்கிற இடம் மட்டும் ஊறலை!” நரி காலைத் தூக்குகிறது. புளுக்! ஆமை குளத்துக்குள். முன்னால் மூன்று முறை அதே பதிலைக் கேட்டுப் பழகியதால்தான் இந்த ‘ஊறியாச்சு’ அவளைத் தூக்கிவாரிப் போடுகிறது. ஒரே முறை கேட்டிருந்தால் இதுவும் இன்னொரு வரியாகப் போயிருக்கும்.

ஆமையின் தந்திரம் புரிய, ஊறுவது என்றால் என்னவென்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். முதல் நாள் ராத்திரி கொண்டைக்கடலை ஊறப்போடும்போது கையில் ஒன்றைக் கொடுத்து நசுக்கச் சொல்லுங்கள். காலையில் ஊறியதை நசுக்கட்டும்.

கதை முடிந்ததும் ‘ஆமை எப்படித் தப்பிச்சுது சொல்லு’ என்று பரீட்சை வைக்காதீர்கள். ‘மறுபடியும்’ என்பாள். அப்போது நரியின் வரிகளை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், ஆமையை அவளிடம் விட்டுவிடுங்கள்.