14 கிலோ நூல் எங்கே போனது?

பனியன் கம்பெனியின் செலவுக் கணக்கில் ‘நிட்டிங் சேதம்’ என்றொரு வரி இருக்கும். நூலைத் துணியாக்கும்போது பஞ்சுத் தூசியாகவும் அறுந்த இழைகளாகவும் கொஞ்சம் போவது இயற்கை. ஆனால் அந்த வரியில் ஏறும் கிலோக்கள் எல்லாமே நிட்டிங் மெஷினில் வீணானவை அல்ல. சில கிலோ கம்பெனிக்குள் வந்தே இருக்காது. வந்ததாகக் காகிதம் மட்டும் சொல்லும்.

திருப்பூரில் ஒரு நடுத்தர ஏற்றுமதி நிறுவனத்துக்கு 10,000 டி-ஷர்ட் ஆர்டர் வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் 1,700 வெள்ளை, மீதி 8,300 கருநீலம். வெட்டுச் சேதத்தையும் சேர்த்து ஒரு சட்டைக்கு 200 கிராம் துணி என்றால் மொத்தம் 2,000 கிலோ துணி வேண்டும். நிட்டிங்கிலும் டையிங்கிலும் 8 சதவீதம் குறையும் என்று கணக்கிட்டால் நூல் சுமார் 2,175 கிலோ.

முதல் காகிதம் இங்கே பிறக்கிறது. உற்பத்திப் பிரிவு எழுதிக் கொடுக்கும் கொள்முதல் கோரிக்கை அது. கம்பெனிகளில் இண்டென்ட் என்பார்கள். எந்த ஆர்டருக்கு, என்ன நூல், எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்று அது கேட்கும். அதில் அதிகம் கவனிக்கப்படாத கட்டம் ‘கையிருப்பு’. கேட்கும் பிரிவு அதை நிரப்பக் கூடாது. ஸ்டோர்ஸ்தான் நிரப்ப வேண்டும். நம் கம்பெனியின் ஸ்டோர்ஸில் அதே 30-ஆம் நம்பர் கோம்டு நூல் 375 கிலோ கிடக்கிறது, ஆனால் பழைய லாட். வெவ்வேறு லாட் நூலைக் கலந்து நெய்து சாயம் போட்டால் துணியில் பட்டை பட்டையாக நிற வேறுபாடு தெரியும். கருநீலத்தில் அது பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். ஆகவே பழைய நூல் முழுவதும் வெள்ளைக்கு, புதிதாக வாங்க வேண்டியது 1,800 கிலோ என்று முடிவாகிறது. கையிருப்புக் கட்டம் காலியாக விடப்பட்டிருந்தால், கிலோ 300 ரூபாய் விலையில் 1,12,500 ரூபாய்க்குத் தேவையில்லாத நூல் வந்து இறங்கியிருக்கும்.

அடுத்தது விலைப்புள்ளிகளும் அவற்றைப் பக்கம் பக்கமாக வைக்கும் ஒப்பீட்டுத் தாளும். ஒரு மில் 300 ரூபாய் சொல்கிறது. வாசலில் கொண்டுவந்து இறக்கும், 30 நாள் கடன் தரும். இன்னொரு மில் 294 ரூபாய். வண்டி வாடகை நம்முடையது, பணம் முன்கூட்டியே. ஆறு ரூபாய் மிச்சம் என்று தோன்றும். வாடகை கிலோவுக்கு 4 ரூபாய். ஆண்டுக்கு 12 சதவீத வட்டிக்கு வாங்கும் பணத்தை ஒரு மாதம் முன்னால் கொடுத்தால் இன்னும் ஏறத்தாழ 3 ரூபாய். மலிவு நூலின் உண்மை விலை 301 ஆகிவிடுகிறது. ஜி.எஸ்.டி. இரண்டுக்கும் பொது; உள்ளீட்டு வரவாகத் திரும்பிவிடுவதால் இந்த ஒப்பீட்டில் அது குறுக்கிடுவதில்லை.

பிறகு பர்ச்சேஸ் ஆர்டர். பழகிய மில்தானே என்று ஃபோனிலேயே ஆர்டரை முடிப்பவர்கள் இன்றும் உண்டு. நூல் விலையை மில்கள் அடிக்கடி மாற்றுகின்றன. சொன்ன நாளின் விலையா, அனுப்பிய நாளின் விலையா என்ற சண்டைக்கு ஃபோன் பேச்சில் பதில் இருக்காது. பி.ஓ.வில் விலையும் தேதியும் மட்டும் போதாது. ‘ஒரே லாட்’ என்ற சொல்லும், எடை எப்படிக் கணக்கிடப்படும் என்பதும் இருக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாத பி.ஓ. கையில் இருந்தால், சரக்கில் குறை தெரிந்தாலும் திருப்பி அனுப்ப வாதம் இருக்காது.

லாரி வருகிறது. 50 கிலோ வீதம் 36 மூட்டை, இன்வாய்ஸில் 1,800 கிலோ, தொகை வரி நீங்கலாக 5,40,000 ரூபாய். வாசலில் காவலர் வண்டி எண்ணையும் மூட்டைகளின் எண்ணிக்கையையும் பதிவேட்டில் எழுதுகிறார். சரக்கு ஸ்டோர்ஸுக்குப் போகிறது. அங்கே எழுதப்படும் சரக்கு வரவுச் சீட்டுதான் ஜி.ஆர்.என்.

இந்த இடத்தில்தான் பெரும்பாலான கம்பெனிகள் கோட்டை விடுகின்றன. மதியம் மூன்று மணி, வெளியே இன்னும் இரண்டு வண்டி காத்திருக்கிறது. ஸ்டோர்ஸ் ஊழியர் மூட்டைகளை எண்ணுகிறார், 36 சரி. இன்வாய்ஸைப் பார்த்து 1,800 என்று ஜி.ஆர்.என்.னில் எழுதிக் கையெழுத்துப் போடுகிறார். அந்த நிமிடத்தில் ஜி.ஆர்.என். இன்வாய்ஸின் நகலாகிவிடுகிறது. இரண்டையும் பின்னால் எத்தனை முறை ஒப்பிட்டாலும் பொருந்தவே செய்யும்.

அதே சரக்கை எடை போட்டிருந்தால்? மூட்டையின் எடையையும் கோன்களின் எடையையும் கழித்தபின் நிகரம் 1,786 கிலோ. 14 கிலோ குறைவு. கோனுக்குள் ஒட்டியிருக்கும் லாட் சீட்டைப் பார்த்திருந்தால் இரண்டு மூட்டை வேறு லாட் என்பதும் தெரிந்திருக்கும். அவை 99 கிலோ. ஆக, ஏற்றுக்கொண்டது 1,687 கிலோதான். ஜி.ஆர்.என்.னில் ‘வந்தது’, ‘ஏற்றது’, ‘நிராகரித்தது’ என்று மூன்று தனிக் கட்டங்கள் இருப்பது இதற்காகவே. 1,687 கிலோவுக்கு மில்லுக்குத் தர வேண்டியது 5,06,100 ரூபாய். இன்வாய்ஸுக்கும் இதற்கும் வித்தியாசம் 33,900 ரூபாய்.

எடை போடாமல் விட்ட கம்பெனியில் அந்த 14 கிலோ என்ன ஆகிறது? ஏட்டில் 1,800 கிலோ இருக்கிறது. நிட்டிங்குக்கு அனுப்பியதும் துணி குறைவாக வருகிறது. 14 கிலோ என்பது முக்கால் சதவீதத்துக்குச் சற்றே மேல். சேதக் கணக்கில் சந்தடியின்றி அடங்கிவிடும் அளவு. நிட்டிங் யூனிட்காரர் குற்றவாளியாகிறார், அடுத்த மாதம் அவர் கூலியில் பிடித்தம் நடக்கும். வாங்கியதில் வந்த நஷ்டம் தயாரிப்பு நஷ்டமாக வேடம் மாறிவிட்டது. மில்லைக் கேட்க வேண்டிய கேள்வி தொழிலாளியிடம் கேட்கப்படுகிறது. இது பண நஷ்டத்தை விடப் பெரிய அநியாயம். மாதா மாதம் ஒரே மில்லின் நூலுக்கு மட்டும் சேதம் கூடுதலாகத் தெரிந்தால், மெஷினைச் சோதிக்கும் முன் பழைய ஜி.ஆர்.என்.களைப் புரட்டிப் பார்ப்பது நல்லது. எல்லாச் சீட்டிலும் எடை முழு எண்ணாக, இன்வாய்ஸோடு கிராம் பிசகாமல் இருந்தால் யாரும் தராசைத் தொடவில்லை என்று பொருள்.

இதற்கு எளிய மருந்து ஒன்று நடைமுறையில் இருக்கிறது. ஸ்டோர்ஸுக்குப் போகும் பி.ஓ. நகலில் அளவை அச்சிடாமல் விட்டுவிடுவார்கள். இன்வாய்ஸ் நேரே கணக்குப் பிரிவுக்குப் போகும். எண் தெரியாதவர் எடை போட்டே ஆக வேண்டும்.

தராசுக்கும் எட்டாத குறை ஒன்று உண்டு: ஈரம். பருத்தி நூலில், உலர்ந்த எடைக்கு 8.5 சதவீதம் ஈரம் இருப்பது வணிகத்தில் ஒப்புக்கொண்ட அளவு. அதுவே 10 சதவீதமாக இருந்தால், தராசில் 1,800 கிலோ காட்டும் நூலில் சுமார் 24 கிலோ கூடுதல் தண்ணீர்; 300 ரூபாய் விலையில் 7,000 ரூபாய்க்கு மேல். நூல் காயக் காய எடை தானாகவே இறங்கும், பழி மறுபடியும் சேதக் கணக்கில் விழும். ஈரமானியால் சில கோன்களைச் சோதித்து அந்த அளவையும் ஜி.ஆர்.என்.னிலேயே எழுதலாம். ஆனால் எடைக்கு அடிப்படை 8.5 சதவீத ஈரம் என்று பி.ஓ.வில் எழுதியிருந்தால்தான் மில்லிடம் கேட்க முடியும்.

கடைசியில் கணக்குப் பிரிவு பி.ஓ., ஜி.ஆர்.என்., இன்வாய்ஸ் மூன்றையும் ஒன்றாக வைக்கிறது. விலைக்குப் பி.ஓ., அளவுக்கு ஜி.ஆர்.என்.; இன்வாய்ஸ் கேட்கும் தொகை இவற்றைத் தாண்டினால் டெபிட் நோட் போகும், மில் கிரெடிட் நோட் அனுப்பும். தாமதிக்கக் கூடாத ஒரு காரணமும் இருக்கிறது. அட்டைப்பெட்டி, லேபிள் தருபவர்கள் பலர் குறு, சிறு நிறுவனங்கள். 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர்களுக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். சரக்கில் குறை இருந்தால் வந்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபிக்க வேண்டும். இல்லையென்றால் சரக்கு வந்த நாளிலிருந்தே நாள் எண்ணப்படும். ஜி.ஆர்.என்.னை மாதக் கடைசியில் மொத்தமாக எழுதும் கம்பெனி, குறையைக் கண்டுபிடிக்கும்போது அந்த 15 நாள் கடந்துபோயிருக்கும்.