எவ்ரி டேவா, எவ்ரிடேவா?

சென்ற வாரம் காற்புள்ளியோடு மல்லுக்கட்டினோம். இந்த வாரம் அதற்கும் சின்ன விஷயம்: இரண்டு சொற்களுக்கு நடுவே விடும் இடைவெளி. விட்டால் ஒரு பொருள், விடாவிட்டால் வேறு பொருள் என்று ஆங்கிலத்தில் சில ஜோடிகள் உண்டு. எவ்ரி டே, எவ்ரிடே. மே பி, மேபி. இன் டு, இன்டு. கணினியில் இருக்கும் எழுத்துப்பிழை திருத்தியை நம்பி இதில் இறங்க முடியாது. சேர்த்து எழுதினாலும் அகராதியில் இருக்கிறது, பிரித்து எழுதினாலும் இருக்கிறது. அது எதற்கடியில் சிவப்புக் கோடு போடும்?

ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர்களுக்குக் காது ஓரளவு உதவுகிறது. எவ்ரிடே என்று ஒரே சொல்லாகச் சொல்லும்போது அவர்கள் ‘எவ்’வில் அழுத்திவிட்டு ‘டே’யை லேசாக விட்டுவிடுவார்கள். இரண்டு சொல்லாக இருந்தால் ‘டே’க்கும் நல்ல அழுத்தம் விழும். தமிழில் அசை அழுத்தத்தை வைத்துப் பொருளைப் பிரிக்கிற பழக்கம் இல்லை. நாம் இரண்டையும் ஒரே மாதிரிதான் சொல்கிறோம், ஒரே மாதிரிதான் கேட்கிறோம். ஆகவே காதை விட்டுவிட்டு வேறு வழி பார்ப்போம். முதல் இரண்டு ஜோடிக்கு அந்த வழி நம் தமிழிலேயே இருக்கிறது.

எவ்ரி டே என்று பிரித்தால் ‘தினமும்’. எவ்ரிடே என்று சேர்த்தால் ‘அன்றாட’. தமிழில் இந்த இரண்டையும் யாரும் குழப்பிக்கொள்வதில்லை. ‘தினமும் வருகிறேன்’ என்போம், ‘அன்றாட வருகிறேன்’ என்று சொல்லமாட்டோம். ‘அன்றாட’வுக்குப் பின்னால் ஒரு பெயர்ச்சொல் வந்தாக வேண்டும்: அன்றாடச் செலவு, அன்றாட வேலை. எவ்ரிடேயும் அப்படித்தான். ‘ஷி டீச்சஸ் எவ்ரிடே இங்கிலீஷ்’ என்றால் அவர் சொல்லிக்கொடுப்பது பேச்சுவழக்கு ஆங்கிலம். வாரத்தில் ஒரே ஒரு நாள்கூட வகுப்பு எடுக்கலாம். ‘ஷி டீச்சஸ் இங்கிலீஷ் எவ்ரி டே’ என்றால் வகுப்பு தினமும் உண்டு, ஷேக்ஸ்பியரைக்கூட நடத்தலாம். கடைக் கதவில் ‘ஓப்பன் எவ்ரிடே’ என்று சேர்த்து எழுதிய பலகையைப் பார்த்திருப்பீர்கள். ‘அன்றாட’ என்று ஆரம்பித்துவிட்டு எதை என்று சொல்லாமல் நிற்கிறது அது. சந்தேகம் வந்தால் நடுவில் ‘சிங்கிள்’ என்ற சொல்லை நுழைத்துப் பாருங்கள். எவ்ரி சிங்கிள் டே என்று பொருந்தினால், அங்கே இடைவெளி வேண்டும்.

மேபி இன்னும் சுலபம், ஏனென்றால் அதைத் தமிழாக்கிக்கொண்டு வெகுநாளாகிறது. ‘மேபி நாளைக்கு வருவான்’ என்று பேசுகிறோமே, அந்த மேபி ஒரே சொல். ‘ஒருவேளை’ என்று பொருள். ‘ஹி மே பி இல்’ என்பதில் வருவது ‘இருக்கலாம்’; அது வினை, இரண்டு சொல். பள்ளிக்கூட லீவு லெட்டரிலிருந்து அலுவலகக் கடிதம் வரை தொடரும் பிழை, ‘ஹி மேபி இல்’ என்று சேர்த்துவிடுவது. அப்படிச் சேர்த்ததும் வாக்கியத்தில் வினையே இல்லாமல் போகிறது. அது ஏன் நம் கண்ணில் படுவதில்லை என்பதற்கு என்னிடம் ஒரு காரணம் இருக்கிறது. ‘அவன் நல்லவன்’, ‘இது என் வீடு’ என்று வினை இல்லாமலே முழு வாக்கியம் பேசுகிறவர்கள் நாம். ஆங்கிலத்துக்கு அது ஆகாது. மேபி என்று எழுதியபின், வாக்கியத்தில் வேறு வினை மிச்சம் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லாவிட்டால் பிரித்துவிடுங்கள்.

மூன்றாவது ஜோடியில் தமிழ் கைவிட்டுவிடும். இன்டு என்றாலும் இன் டு என்றாலும் பெரும்பாலும் ‘உள்ளே’ என்றுதான் நமக்கு மனதில் ஓடுகிறது. (வாய்ப்பாடு சொல்லும்போது வரும் ‘ரெண்டு இன்டு மூணு’ எப்போதும் ஒரே சொல்தான், அதில் குழப்பமில்லை.) ஒரு செய்தி வாக்கியத்தையே எடுத்துக்கொள்வோம். தலைமறைவாக இருந்த ஒருவர் காவல்துறையிடம் சரணடைகிறார். நிருபர் எழுதுகிறார்: ‘ஹி டர்ன்ட் ஹிம்செல்ஃப் இன்டு த போலீஸ்.’ டர்ன் இன்டு என்றால் ஒன்று இன்னொன்றாக மாறுவது. புழு வண்ணத்துப்பூச்சியாக மாறுமே, அது. நிருபரின் வாக்கியப்படி அந்த ஆள் சரணடையவில்லை, தன்னையே போலீஸாக மாற்றிக்கொண்டுவிட்டார்!

என்ன நடந்தது என்று பிரித்துப் பார்த்தால், இங்கே ‘இன்’ முன்னால் இருக்கும் ‘டர்ன்’ஐச் சேர்ந்தது. டர்ன் இன் என்ற இரண்டும் கூடித்தான் ‘ஒப்படைத்தல்’ என்ற பொருளைத் தருகின்றன. ‘டு’ பின்னால் வரும் போலீஸைச் சேர்ந்தது: யாரிடம் ஒப்படைத்தார்? காவல்துறையிடம். அடுத்தடுத்து நின்றாலும் இரண்டுக்கும் சம்பந்தமில்லை. ஹேண்ட் இன், கிவ் இன், ட்யூன் இன், லாக் இன் எல்லாம் இந்த வகை. விடைத்தாளை ஆசிரியரிடம் கொடுத்ததைச் சொல்லும்போதும், மிரட்டலுக்குப் பணிந்ததைச் சொல்லும்போதும் இன் டு என்று பிரித்தே எழுத வேண்டும். ‘டு’வுக்குப் பின்னால் வினைச்சொல் வந்தாலோ யோசிக்கவே வேண்டாம். ‘ஹி கேம் இன் டு ஈட்’ என்றால் சாப்பிடுவதற்காக உள்ளே வந்தார். அந்த ‘டு’ சாப்பாட்டோடு போகிறது, சேர்க்க வழியில்லை.

‘இன்’னோடு வாக்கியத்தை நிறுத்திப் பார், பொருள் வந்தால் பிரித்து எழுது என்று ஒரு சூத்திரம் சொல்வார்கள். பாதிதான் நம்பலாம். ‘ஹி வென்ட் இன்’ என்று நிறுத்தினாலும் பொருள் வருகிறது. ஆனால் ‘ஹி வென்ட் இன்டு த ரூம்’ சேர்த்துத்தான் எழுத வேண்டும். நான் கேட்டுக்கொள்வது வேறு கேள்வி: வெளியே இருந்தது உள்ளே போயிற்றா, அல்லது ஒன்று மற்றொன்றாயிற்றா? இரண்டில் எதுவானாலும் இன்டு. இரண்டும் இல்லையென்றால் பெரும்பாலும் பிரிக்க வேண்டியதாக இருக்கும். மோதுவது, விசாரித்துப் பார்ப்பது போன்ற சில வினைகளுக்கும் இன்டு வரும். அவற்றை வினையோடு சேர்த்து மனப்பாடம் செய்துகொள்வதே மேல்.

லாக் இன் விஷயத்தில் ஆங்கிலேயர்களே இரண்டு கட்சி. வங்கி இணையதளங்களில் ஒரு பொத்தானில் Log in என்று இருக்கும், இன்னொன்றில் Login என்று இருக்கும். பிரித்தால் வினை: உள்ளே வா. சேர்த்தால் பெயர்: உன் கணக்குக்கான அடையாளம். பொத்தான் ஏதோ செய்யச் சொல்கிறது என்பதால் பிரித்ததே சரி என்பது என் கட்சி. இறந்தகாலத்தில் ‘லாக்டு இன்’ என்று அது தானாகப் பிரிந்துவிடுகிறதே!

இந்தச் சொற்களெல்லாம் ஏன் இப்படி இழுபறியாக இருக்கின்றன என்றால், இரண்டாக இருந்தவை மெல்ல மெல்ல ஒன்றாகிக்கொண்டிருப்பதால்தான். டுடே, டுமாரோ இரண்டையும் 1900 வாக்கில் அச்சான புத்தகங்களில் நடுவில் சிறு கோடு போட்டு எழுதியிருப்பதைக் காணலாம். அந்தக் கோடு இப்போது எங்கே? 2007இல் ஷார்ட்டர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆறாம் பதிப்பு, சுமார் 16,000 சொற்களிலிருந்து இப்படிப்பட்ட கோட்டை எடுத்தது. சிலவற்றை ஒட்டினார்கள், பம்பிள்பீ போல. ஐஸ் கிரீம் போன்ற சிலவற்றைப் பிரித்தே விட்டார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே விதி சொல்ல அவர்களாலும் முடியவில்லை. நோபடி, எனிபடி, எனிஒன் எல்லாம் ஒட்டிக்கொண்டாலும் நோ ஒன் மட்டும் தனித்தனியாக நிற்கிறது. ஒட்டினால் எழுத்தில் அது நண்பகலைக் குறிக்கும் ‘நூன்’ போலத் தெரிகிறது.

அதேபோல ‘நிறைய’ என்று பொருள்படும் எ லாட். அதை ஒட்டி எழுதுபவர்கள் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும்கூட ஏராளம். என்றைக்காவது அகராதிக்காரர்கள் இறங்கி வரலாம். இந்த வருடம் தேர்வு எழுதுபவர்கள் இடைவெளி விட்டே எழுதுங்கள், இல்லாவிட்டால் மதிப்பெண் போகும்.