ஜெல் தடவியும் தோல் வறள்வது ஏன்?

தை பிறந்து சம்பா அறுவடை தொடங்கியதும் நமது கடைகளில் ஒரு மாற்றம் தெரியும். கொசுவர்த்தி கேட்டு வந்தவர்கள் தேங்காய் எண்ணெயும் பெட்ரோலியம் ஜெல்லியும் கேட்கத் தொடங்குவார்கள். விடியற்காலையில் பனி, பகலில் வறண்ட காற்று, அதோடு வைக்கோல் சுணை. டெல்டா மக்களின் கைகால்கள் சொரசொரத்து, வெள்ளை வெள்ளையாகச் செதில் எழும்பும் காலம் இது.

சென்ற தை மாதம் தஞ்சையில் நம் உறுப்பினர் ஒருவரின் கடையில் நாம் உட்கார்ந்திருந்தபோது, அறுவடை வேலைக்குப் போகும் ஓர் அம்மாள் பாதி தீர்ந்த கற்றாழை ஜெல் டியூபுடன் வந்தார். "அண்ணே, தடவுனா மொதல்ல குளுகுளுன்னு இருக்கு. ஒரு மணி நேரத்துல தோலு இழுத்துப் புடிக்குது. முன்னைக்கு இப்ப அதிகமா வறளுது. காசைத் திருப்பிக் குடுங்க" என்றார். நண்பர் காலாவதி தேதியைப் பார்த்தார், சரியாக இருந்தது. சரக்கிலும் குறை இல்லை. ஆனாலும் அந்த அம்மாள் சொன்னது முழுக்க உண்மை.

கற்றாழைச் சோற்றில் 100-க்கு 98 பங்குக்கு மேல் தண்ணீர்தான். கடையில் விற்கும் ஜெல்லும் பெரும்பாலும் தண்ணீரே. அதைக் கெட்டியாக்கும் பொருள் கொஞ்சம் சேர்ந்திருக்கும். இதை அறியத் தராசு போதும். கற்றாழை மடலைச் சீவி உள்ளிருக்கும் சோற்றை எடுத்து மசித்து, ஓர் அகலமான எவர்சில்வர் தட்டில் 50 கிராம் மெல்லியதாகப் பரப்பி, காற்றாடியின் கீழே வையுங்கள். நன்றாக உலர்ந்தபின் தட்டின் எடையைக் கழித்து நிறுத்தால் ஒன்றிரண்டு கிராம்கூடத் தேறாது. கண்ணாடித்தாள் போன்ற ஒரு படலம் மட்டும் ஒட்டியிருக்கும். தோலின் மேல் நடப்பதும் இதுவே. தண்ணீர் ஆவியாகும்போது குளிர்ச்சி தெரிகிறது. மிஞ்சிய படலம் காய்ந்து சுருங்கும்போது தோல் இழுத்துப் பிடிப்பதாகத் தோன்றுகிறது.

இங்கே இரண்டு வேலைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தோலுக்குள் ஈரத்தை ஏற்றுவது ஒன்று. ஏறிய ஈரம் வெளியே போகாமல் காப்பது மற்றொன்று. நம் ஊர்க்காரருக்கு இதை வயலை வைத்துச் சொன்னால் எளிதில் புரியும். மேட்டூரிலிருந்து தண்ணீர் வந்து வாய்க்கால் நிறைய ஓடினாலும், வரப்பில் நண்டுவளை இருந்தால் மடை திறந்த வயலில் காலையில் தண்ணீர் நிற்காது. ஜெல் என்பது மடை திறந்துவிடும் வேலை. வளையை அடைப்பது வேறு வேலை.

தோலின் மேலடுக்கு செங்கல் சுவர் போன்றது. செல்கள் செங்கற்கள், அவற்றுக்கு இடையே உள்ள இயற்கைக் கொழுப்பு சாந்து. உடம்பின் உள்ளிருந்து ஈரம் எந்நேரமும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிக்கொண்டே இருக்கிறது. சாந்து உறுதியாக இருந்தால் அது மெதுவாகப் போகும். சோப்பும் சலவைத்தூளும் வெந்நீரும் அந்தச் சாந்தைக் கரைத்துவிடுகின்றன. மேலடுக்கின் ஈரம் சுமார் 10 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கினால் அது விறைத்து, மடங்கும் இடங்களில் வெடிக்கிறது.

கரைந்துபோன சாந்துக்கு ஈடாக வெளியிலிருந்து ஒரு காப்பு போட வேண்டும். அந்த வேலையில் முதலிடம் பெட்ரோலியம் ஜெல்லிக்கே. அமெரிக்காவின் எண்ணெய்க் கிணறுகளில் வேலையாட்கள் குழாயில் படியும் மெழுகைக் காயங்களில் தடவுவதைக் கவனித்த செஸ்பரோ என்பவர், அதைச் சுத்தப்படுத்தி 1872-ல் காப்புரிமை பெற்றார். இன்றளவும் தோலின் ஈரத்தை அதைவிட நன்றாக அடைத்து வைக்கும் மலிவான பொருள் வேறில்லை. ஆனால் அதில் தண்ணீர் துளியும் கிடையாது. காய்ந்த தோலில் தடவினால் வறண்ட வயலுக்கு வரப்பு கட்டியது போலத்தான். பலன் மெதுவாகவே தெரியும்.

தேங்காய் எண்ணெயும் இந்த வரிசையில் வரும். பிலிப்பைன்ஸ் மருத்துவர்கள் வறண்ட தோல் உள்ளவர்களிடம் நடத்திய சோதனையை 2004-ல் வெளியிட்டார்கள். தேங்காய் எண்ணெயும் மினரல் ஆயிலும் ஏறக்குறைய ஒரே அளவில் பயன் தந்தன. நம் மக்கள் செய்யும் தவறு ஒன்றுண்டு. எண்ணெயைத் தேய்த்துவிட்டுச் சீயக்காயோ சோப்போ போட்டு வழித்துவிடுகிறார்கள். வறட்சிக்கு எண்ணெய் தடவ வேண்டியது குளித்தபின், உடம்பு ஈரமாக இருக்கும்போதுதான்.

கிளிசரின் மூன்றாவது வகை. அது தண்ணீரை இழுத்துப் பிடிக்கும். காற்றில் ஈரம் குறைந்த நாளில் அதைத் தனியாகத் தடவினால், தோலின் உள்ளிருந்தே ஈரத்தை இழுத்து மேலே கொண்டுவந்து காற்றுக்குக் கொடுத்துவிடக் கூடும். ஒரு பங்கு கிளிசரினுக்கு இரண்டு மூன்று பங்கு பன்னீர் கலந்து தடவும் வழக்கத்தில் பொருள் இருக்கிறது. அதற்கும் மேலே எண்ணெய்க் காப்பு தேவை.

அந்த அம்மாளிடம் நண்பர் டியூபைத் திருப்பி வாங்கவில்லை. பத்து ரூபாய் ஜெல்லி டப்பா ஒன்றைக் கையில் கொடுத்து முறையைச் சொன்னார். இரவில் கைகால் கழுவி, துண்டால் ஒற்றி எடுத்து, ஈரம் காயும் முன் இரண்டு மூன்று நிமிடத்துக்குள் ஜெல்லை மெல்லத் தடவ வேண்டும். அது முழுக்க உலர்வதற்குள், பட்டாணி அளவு பெட்ரோலியம் ஜெல்லியை உள்ளங்கையில் தேய்த்து இளக்கி அதன்மேல் பூச வேண்டும். பகலில் பூசினால் களத்துத் தூசி ஒட்டும் என்பதால் இரவே ஏற்றது. பத்து நாள் கழித்து வந்து, முழங்காலுக்குக் கீழே நகத்தால் லேசாகக் கீறிக் காட்டினார். முன்பு சாக்பீஸ் போட்டதுபோல் வெள்ளைக் கோடு விழுந்த இடத்தில் கோடு விழவில்லை. வறட்சி குறைந்ததை அறிய இதுவே சுலபமான வழி.

சரக்கு எடுக்கும்போது பெட்டியின் பின்புறம் உள்ள பொருள் பட்டியலைப் பாருங்கள். பொதுவாக அளவு மிகுந்தது முதலில் இருக்கும். அக்வா, கிளிசரின், கார்போமர் என்று முடிந்தால் அது ஈரம் ஏற்றும் ஜெல். பெட்ரோலேட்டம், மினரல் ஆயில், டைமெதிக்கோன், ஷியா வெண்ணெய் போன்ற பெயர்கள் முன்வரிசையில் இருந்தால் ஈரம் காக்கும் சரக்கு. ஆல்கஹால் டினாட் என்பது தோலை உலர்த்தும் சாராயம். சீட்டைல் ஆல்கஹால் அப்படியல்ல. அது மெழுகு போன்ற பொருள், கெடுதல் செய்யாது.

ஜெல்லைக் குறைத்துச் சொல்வதாக எண்ண வேண்டாம். சித்திரை வெயிலில் வியர்த்த உடம்புக்கும், எண்ணெய் வழியும் முகத்துக்கும் ஜெல்லே பொருத்தம். அப்போது பெட்ரோலியம் ஜெல்லி பிசுபிசுக்கும். முகப்பரு உள்ளவருக்குத் தேங்காய் எண்ணெய் அதை அதிகமாக்கலாம். வெடிப்பில் ரத்தம், சீழ், வீக்கம் இருந்தாலோ, சர்க்கரை நோயாளியின் பாதம் வெடித்திருந்தாலோ எந்த டப்பாவையும் எடுத்து நீட்டாமல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

தை, மாசியில் ஜெல் கேட்பவரிடம் "முகத்துக்கா, கைகாலுக்கா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கைகாலுக்கு என்றால், ஜெல்லோடு சின்ன ஜெல்லி டப்பா ஒன்றையோ நூறு மில்லி தேங்காய் எண்ணெயையோ சேர்த்து எடுத்துக் காட்டலாம். வீட்டில் எண்ணெய் இருக்கிறது என்றால் அதையே குளித்தபின் பூசச் சொல்லி அனுப்பலாம். பாதி டியூபுடன் சண்டைக்கு வரும் வாடிக்கையாளர் குறைவார்.