பிள்ளை திணறும் இடத்தில் என்ன செய்வது? பெற்றோருக்கு ஒரு மணி நேரப் பயிற்சி

ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோருக்கான பயிற்சி இது. பள்ளியிலேயே ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம்.

முதல் பத்து நிமிடம் பெற்றோரே படிக்க வேண்டும். கரும்பலகையில் நான்கு மலையாள எழுத்துகளை எழுதி, ஒலியைச் சொல்லிக் கொடுங்கள். பிறகு அவற்றால் ஆன மூன்று சொற்களைப் படிக்கச் சொல்லுங்கள். முதல் எழுத்தை நினைவுக்குக் கொண்டுவருவதற்குள் அடுத்தது மறந்துபோகும். "நேத்துதானே சொல்லிக்கொடுத்தேன்" என்று வீட்டில் அதட்டுகிறவர்களுக்கு இது நன்றாகவே உறைக்கும்.

அடுத்த அரை மணி நேரம்தான் பயிற்சியின் உயிர். 'தோட்டம்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணில் முதலில் படுவது இரட்டைக்கொம்பு, பிறகு த, அதன் பின் துணைக்கால். வாயில் வர வேண்டியதோ 'தோ' என்ற ஒரே ஒலி. அதனால்தான் பல பிள்ளைகள் 'தேதா' என்று படிக்கிறார்கள். இங்கே விடையைச் சொல்லிவிடாதீர்கள். மனதுக்குள் ஐந்து வரை எண்ணிக் காத்திருங்கள். அப்போதும் வரவில்லையென்றால், கொம்பையும் காலையும் விரல்களால் மறைத்து, த மட்டும் தெரியும்படி காட்டுங்கள். அதைச் சொன்னதும் விரல்களை எடுத்து, "ரெண்டு பக்கமும் சேர்ந்தா?" என்று கேளுங்கள். 'தோ' வந்தபின் 'ட்', 'ட', 'ம்' என்று கூட்டி முழுச் சொல்லையும் சொல்லட்டும். பிறகு அந்த வரியை முதலிலிருந்து படிக்க வையுங்கள். இதை விட்டுவிட்டால் சொல் மட்டும் நிற்கும், பொருள் நழுவிவிடும். பெற்றோர் இருவர் இருவராக உட்கார்ந்து, ஒருவர் பிள்ளையாகவும் மற்றவர் பெற்றோராகவும் இதைச் செய்து பார்க்க வேண்டும். ஐந்து எண்ணும்வரை வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் எல்லோருக்கும் கடினம்.

எல்லாத் தவறும் ஒன்றல்ல. 'போனாள்' என்றிருப்பதைப் 'போனா' என்று படித்தால் பிள்ளைக்குப் பொருள் புரிந்துவிட்டது என்று அர்த்தம். பேச்சுத்தமிழ் முந்திக்கொண்டது, அவ்வளவுதான். கடைசி எழுத்தில் விரலை வைத்துக் காட்டினால் போதும். படத்தில் நாய் இருக்கிறதென்று, 'பூனை' என்ற சொல்லை 'நாய்' என்று சொன்னால் அது ஊகம். படத்தை மூடிவிட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

கடைசி இருபது நிமிடம் வீட்டுக்கான குறிப்புகளுக்கு. தினம் பத்து நிமிடம் போதும், சாப்பாட்டுக்கு முன்போ பின்போ ஒரே நேரமாக இருக்கட்டும். ஒரு பக்கத்தை மனப்பாடமாகச் சொல்கிறதோ என்ற சந்தேகம் வந்தால், நடுவிலிருந்து ஒரு சொல்லைத் தொட்டுக் கேளுங்கள். படிக்கிற பிள்ளை சொல்லிவிடும், மனப்பாடப் பிள்ளை வரியின் தொடக்கத்துக்கு ஓடும். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோர் ஒதுங்க வேண்டாம். பிள்ளை படித்து முடித்ததும் கதையைத் திருப்பிச் சொல்லச் சொல்லி, "அப்புறம் என்னாச்சு?" என்று கேட்டாலே போதும். புத்தகத்தை மூக்கருகே வைத்தோ, ஒரு கண்ணை மூடிக்கொண்டோ படித்தால், பயிற்சியைக் கூட்டாமல் முதலில் கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.