சிஸ்டர்களுக்கு ஒரு நன்றிக் கவிதை

வார்டு அறிவிப்புப் பலகைக்கு நன்றிக் கவிதை எழுத உட்கார்ந்தால் ‘வெள்ளுடை தேவதை’தான் முதலில் வந்து நிற்கும். எந்த மருத்துவமனைக்கும் பொருந்தும் புகழ்ச்சி அது. உங்கள் வீட்டு நோயாளிக்கு என்ன செய்தார்கள் என்பது அதில் இருக்காது.

பக்கவாதத்தில் படுத்த அப்பாவை எடுத்துக்கொள்வோம். அசையாத உடம்பு ஒரே இடத்தில் அழுந்தினால் அங்கே ரத்த ஓட்டம் குறைந்து, இடுப்பிலும் குதிகாலிலும் படுக்கைப்புண் வரும். அதனால்தான் சுமார் இரண்டு மணி நேரத்துக்கொரு முறை, நள்ளிரவிலும், புரட்டிப் படுக்கவைக்கிறார்கள். கவிதைக்கு இது போதும்:

இரண்டு மணிக்கு இடப்பக்கம்,
நாலு மணிக்கு வலப்பக்கம்;
நாங்கள் அசந்து தூங்கிய ராத்திரியில்
அப்பாவைப் புரட்டிவிட்டீர்கள், சிஸ்டர்.
முதுகில் ஒரு புண் இல்லாமல்
வீட்டுக்குக் கூட்டிப்போகிறோம்.

இவ்வளவு சின்னதாக இருந்தால் மருந்து ட்ரேயோடு போகிறவரும் நின்று படிப்பார். ஒருவர் பெயரை மட்டும் போட்டால் அடுத்த ஷிப்டில் முகம் சுருங்கும். ‘பகல், இரவு சிஸ்டர்களுக்கும் கைகொடுத்த ஆயாக்களுக்கும்’ என்று கீழே எழுதிவிடலாம். பலகையை வருவோர் போவோர் எல்லாம் பார்ப்பதால், நோயாளியின் பெயரும் படுக்கை எண்ணும் வேண்டாம். தலைமைச் செவிலியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஒட்டுங்கள்.