வருகைப் பதிவும் மதிப்பெண்ணும்: 0.90 சொல்வதும் சொல்லாததும்

வகுப்புக்கு ஒழுங்காக வருபவர்கள் கூடுதல் மதிப்பெண் பெறுகிறார்களா என்பதை ஒரே எண்ணில் அளந்து சொல்வது ஒட்டுறவுக் கெழு. இதற்குப் பொதுவாகப் பயன்படுவது கார்ல் பியர்சன் வகுத்த முறை. விடை −1 முதல் +1 வரை அமையும். 1-ஐ நெருங்கினால் இரண்டும் சேர்ந்தே ஏறுகின்றன. 0-ஐ நெருங்கினால் நேர்கோட்டுத் தொடர்பு இல்லை.

ஆறு மாணவர்கள் மட்டும் உள்ள ஒரு கற்பனை வகுப்பில் கணக்கிட்டுப் பார்க்கலாம். அவர்களின் வருகை விழுக்காடு 76, 80, 84, 88, 92, 48. அதே வரிசையில் மதிப்பெண்கள் 58, 66, 54, 62, 60, 24. வருகையின் சராசரி 78, மதிப்பெண்ணின் சராசரி 54. ஒவ்வொருவரும் இரண்டு சராசரிகளிலிருந்தும் எவ்வளவு விலகியிருக்கிறார் என்று குறித்து, அவ்விரு விலக்கங்களையும் பெருக்கிக் கூட்டினால் 1080 வரும். வருகை விலக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டினால் 1240, மதிப்பெண் விலக்கங்களுடையது 1160. இவ்விரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் ஏறத்தாழ 1199. அதனால் 1080-ஐ வகுக்க, கெழு 0.90.

இதைப் பார்த்ததும் வருகைதான் மதிப்பெண்ணைத் தீர்மானிக்கிறது என்று முடிவுகட்டத் தோன்றும். ஆனால் 1080-இல் 900 கடைசி மாணவர் ஒருவருடையது. அவரை நீக்கிவிட்டு மற்ற ஐவருக்கும் புதிதாகக் கணக்கிட்டால் கெழு சரியாக 0. ஒரே ஒருவர் விடையை அடியோடு மாற்றிவிடுகிறார்! வருகையைக் கிடையச்சிலும் மதிப்பெண்ணை நிலையச்சிலும் குறித்துச் சிதறல் படம் வரைந்தால், ஐந்து புள்ளிகள் ஓரிடத்தில் திரண்டிருக்க, ஒன்று தொலைவில் தனித்துக் கிடப்பது பார்த்தவுடன் தெரியும். கெழுவைக் கணக்கிடும் முன்பே இந்தப் படத்தை வரைய வேண்டும்.

அதற்காக 0-ஐயும் உண்மையென்று எடுத்துக்கொள்ள முடியாது. அந்த ஐவரின் வருகையும் 76-க்கும் 92-க்கும் இடைப்பட்டது. இவ்வளவு குறுகிய எல்லைக்குள், தொடர்பு இருந்தாலும் அது மங்கலாகவே தெரியும். 75 விழுக்காடு வருகை இல்லாதவர்களைத் தேர்வு எழுத விடாத கல்லூரிகளில் இதுவேதான் நடக்கிறது. குறைவாக வந்தவர்களின் மதிப்பெண் பட்டியலிலேயே இருக்காது.

48 விழுக்காடு வந்த மாணவர் ஏன் வரவில்லை என்பதைக் கேட்டறிவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். நீண்ட நாள் காய்ச்சலில் கிடந்திருந்தால், வருகையையும் படிப்பையும் சேர்த்தே கெடுத்தது நோய். முதல் தேர்வில் தோற்ற மனச்சோர்வில் நின்றிருந்தால், காரணமும் விளைவும் தலைகீழாகின்றன. இந்த இரண்டில் எது நடந்திருந்தாலும் கெழு அதே 0.90-தான். பருவத் தொடக்கத்தில் நடந்த தேர்வின் மதிப்பெண்ணையும், அதன்பின் மாதவாரியான வருகையையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் எது முந்தியது என்பது ஓரளவு புலப்படும்.

அகமதிப்பீட்டில் வருகைக்கென்றே தனி மதிப்பெண் தரும் கல்லூரிகளும் உண்டு. அங்கே மொத்த மதிப்பெண்ணை அப்படியே எடுத்தால், வருகை இரு பக்கமும் நுழைந்து, இல்லாத தொடர்பையும் இருப்பதாகக் காட்டும். எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணை மட்டுமே கணக்கில் கொள்ள வேண்டும்.