கான்ட் சார்ட்டில் காத்திருப்பு நேரம்: ஒரே கணக்கு, மூன்று விடைகள்

கணினியின் சி.பி.யு.வில் உள்ள ஒரு கோர் ஒரு நேரத்தில் ஒரு பிராசஸை மட்டுமே இயக்கும். ஓடத் தயாராக இருக்கும் மற்ற பிராசஸ்கள் ரெடி க்யூ என்ற வரிசையில் நிற்கும். அடுத்த வாய்ப்பு எதற்கு என்று முடிவு செய்வது இயங்குதளத்தின் ஒரு பகுதியான ஷெட்யூலர். அதன் முடிவுகள் நல்லவையா என்பதை அளக்கப் பாடப்புத்தகங்களும் தேர்வுகளும் இரண்டு அளவுகளைத்தான் அதிகம் கேட்கின்றன: டர்ன்அரவுண்ட் நேரம், காத்திருப்பு நேரம்.

இவற்றைக் கணக்கிட உதவும் படம் கான்ட் சார்ட். அமெரிக்கப் பொறியாளர் ஹென்றி கான்ட் (1861–1919) தொழிற்சாலை வேலைகளைத் திட்டமிடுவதற்காகப் பரப்பிய வரைபட முறை இது. அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. சி.பி.யு. கணக்கில் இதன் வடிவம் மிக எளியது. நேரத்தை இடமிருந்து வலமாகக் காட்டும் ஒற்றைப் பட்டை. எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை எந்த பிராசஸ் ஓடியது என்பதைக் காட்டும் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்தின் விளிம்பிலும் நேரம்.

கேள்வியில் ஒவ்வொரு பிராசஸுக்கும் இரண்டு எண்கள் தரப்படும். அது வரிசைக்கு வந்து சேரும் நேரம் வருகை நேரம். அதற்குத் தேவையான மொத்த சி.பி.யு. நேரம் பர்ஸ்ட் நேரம். பிராசஸ் எப்போது முடிந்தது என்பதைச் சார்ட்டிலிருந்து படித்துக்கொள்ள வேண்டும். அதன் பிறகு தேவைப்படுபவை இரண்டே கழித்தல்கள்:

```
டர்ன்அரவுண்ட் = முடிந்த நேரம் − வருகை நேரம்
காத்திருப்பு = டர்ன்அரவுண்ட் − பர்ஸ்ட் நேரம்
```

வந்ததிலிருந்து முடிந்தது வரை கழிந்த நேரம் முதலாவது. அதில் உண்மையில் ஓடிய நேரத்தைக் கழித்தால் மிஞ்சுவது வரிசையில் சும்மா நின்ற நேரம். அதுவே இரண்டாவது.

கீழே உள்ள நான்கு பிராசஸ்களையும் மூன்று முறைகளில் ஓட்டிப் பார்க்கலாம். நேரங்கள் மில்லி விநாடியில்.

```
பிராசஸ்   வருகை   பர்ஸ்ட்
P1          0        6
P2          1        3
P3          2        1
P4          4        4
```

முதலில் வந்தவருக்கு முதலில்

எஃப்.சி.எஃப்.எஸ். எனப்படும் முறையில் வந்த வரிசைதான் ஓடும் வரிசை. ஓடத் தொடங்கிய பிராசஸ் முடியும் வரை வேறெதுவும் குறுக்கிட முடியாது.

```
| P1 | P2 | P3 | P4 |
0    6    9    10   14
```

P1 முடிந்த நேரம் 6, P2 9, P3 10, P4 14. இவற்றிலிருந்து வருகை நேரத்தைக் கழித்தால் டர்ன்அரவுண்ட் முறையே 6, 8, 8, 10, சராசரி 8. பர்ஸ்ட் நேரத்தையும் கழித்தால் காத்திருப்பு 0, 5, 7, 6, சராசரி 4.5.

P3-இன் நிலையைக் கவனிக்க வேண்டும். ஒரே ஒரு மில்லி விநாடி வேலைக்கு அது 7 மில்லி விநாடி நின்றிருக்கிறது. நீளமான வேலை ஒன்று முன்னால் வந்துவிட்டால் அதன் பின்னால் வரும் குட்டி வேலைகள் எல்லாம் தேங்கிவிடுவது இம்முறையின் அறியப்பட்ட குறை.

இதே சார்ட்டில் மாணவர்கள் அதிகம் செய்யும் பிழையும் தெரியும். P4 ஓடத் தொடங்கியது 10-இல் என்பதால் அதன் காத்திருப்பும் 10 என்று எழுதிவிடுவார்கள். 4-ஆவது மில்லி விநாடி வரை P4 வரிசையிலேயே இல்லை. வராத நேரத்தைக் காத்திருந்த நேரமாகக் கொள்ள முடியாது. சரியான விடை 6.

மிச்சம் குறைந்ததற்கு முன்னுரிமை

எஸ்.ஆர்.டி.எஃப். என்ற முறையில், தயாராக உள்ளவற்றுள் எதற்கு மிச்ச வேலை மிகக் குறைவோ அது ஓடும். ஓடிக்கொண்டிருப்பதைவிட மிச்சம் குறைந்த ஒன்று புதிதாக வந்தால், ஓடுவது நிறுத்தப்பட்டு மீண்டும் வரிசைக்கு அனுப்பப்படும். ஒவ்வொரு மில்லி விநாடியிலும் ஒப்பிட வேண்டியதில்லை. புதிய பிராசஸ் வரும்போதும், ஓடும் பிராசஸ் முடியும்போதும் ஒப்பிட்டால் போதும்.

தொடக்கத்தில் P1 மட்டுமே இருப்பதால் அது ஓடுகிறது. 1-இல் P2 வருகிறது. P1-க்கு மிச்சம் 5, P2-க்கு 3. P2 ஓடத் தொடங்குகிறது. 2-இல் P3 வரும்போது P2-க்கு மிச்சம் 2, P3-க்கு 1. P3 நுழைந்து 3-இல் முடிந்துவிடுகிறது. இப்போது இருப்பவை P1, P2. மிச்சம் 2 உள்ள P2 மீண்டும் ஓடுகிறது. 4-இல் P4 வந்தாலும் P2-க்கு இன்னும் 1 மட்டுமே மிச்சம். அது தொடர்ந்து ஓடி 5-இல் முடிகிறது. பிறகு மிச்சம் 4 உள்ள P4, கடைசியாக மிச்சம் 5 உள்ள P1.

```
| P1 | P2 | P3 | P2 | P4 | P1 |
0    1    2    3    5    9    14
```

முடிந்த நேரங்கள் P1 14, P2 5, P3 3, P4 9. டர்ன்அரவுண்ட் 14, 4, 1, 5, சராசரி 6. காத்திருப்பு 8, 1, 0, 1, சராசரி 2.5. முந்தைய முறையின் 4.5-ஐவிட இது வெகு குறைவு.

இங்கு தவறு நேரும் இடம் P1. அது 0-இலேயே ஓடத் தொடங்கிவிட்டதால் காத்திருப்பு 0 என்று தோன்றும். வருகைக்கும் முதன்முதலில் சி.பி.யு. கிடைப்பதற்கும் இடைப்பட்ட நேரம் ரெஸ்பான்ஸ் நேரம் எனப்படும். P1-க்கு 0 ஆக இருப்பது அதுதான். இடையில் நிறுத்தப்பட்டு 1 முதல் 9 வரை நின்ற 8 மில்லி விநாடிதான் அதன் காத்திருப்பு. குறுக்கீடு இல்லாத முறைகளில் இவ்விரண்டு நேரங்களும் ஒன்றாகவே இருக்கும். குறுக்கீடு வந்ததும் அவை பிரிந்துவிடும். பாதியில் நிறுத்தப்படும் பிராசஸ்களுக்குக் கடைசிக் கட்டத்தின் விளிம்பையே முடிந்த நேரமாகக் கொள்ள வேண்டும்.

சராசரிக் காத்திருப்பைக் குறைப்பதில் எஸ்.ஆர்.டி.எஃப்.-ஐ வேறெந்த முறையும் மிஞ்ச முடியாது. ஆனால் அதற்குப் பர்ஸ்ட் நேரம் முன்கூட்டியே தெரிய வேண்டும். கேள்வித்தாளில் அது அச்சிடப்பட்டிருக்கும். ஓடும் கணினியில் யாரும் சொல்லித் தருவதில்லை, பழைய நடத்தையைக் கொண்டு ஊகிக்கத்தான் முடியும். அதோடு, குட்டி வேலைகள் வந்துகொண்டே இருந்தால் P1 போன்ற நீண்ட பிராசஸுக்கு வாய்ப்பே வராமல் போகலாம்.

முறை வைத்து ஓடுதல்

ரவுண்ட் ராபின் முறையில் ஒவ்வொரு பிராசஸுக்கும் டைம் குவாண்டம் என்ற நிலையான நேரத்துண்டு கிடைக்கும். அதற்குள் முடியாவிட்டால் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். குவாண்டம் 2 மில்லி விநாடி என்று கொள்ளலாம்.

இம்முறையில் சார்ட்டுக்குப் பக்கத்தில் ரெடி க்யூவையும் எழுதி வைத்துக்கொள்வது அவசியம். P1 0 முதல் 2 வரை ஓடுகிறது. சரியாக 2-இல் இரண்டு நிகழ்வுகள் மோதுகின்றன: P3 வருகிறது, P1-இன் குவாண்டமும் முடிகிறது. யார் முன்னால் நிற்பது? புதிதாக வருவது முதலில், நிறுத்தப்பட்டது அதன் பின்னால் என்பது பெரும்பாலும் பின்பற்றப்படும் வழக்கம். எனவே க்யூ P2, P3, P1. அடுத்து P2 4 வரை ஓடுகிறது. 4-இல் P4 வருவதால் அதே மோதல். க்யூ P3, P1, P4, P2 என்றாகிறது. இப்படியே தொடர்ந்தால்:

```
| P1 | P2 | P3 | P1 | P4 | P2 | P1 | P4 |
0    2    4    5    7    9    10   12   14
```

P3 தன் குவாண்டத்தில் பாதியிலேயே முடிந்துவிட்டது. மீதி நேரம் வீணாவதில்லை. 5-இலேயே அடுத்தது ஓடத் தொடங்குகிறது. முடிந்த நேரங்கள் P1 12, P2 10, P3 5, P4 14. டர்ன்அரவுண்ட் 12, 9, 3, 10, சராசரி 8.5. காத்திருப்பு 6, 6, 2, 6, சராசரி 5.

இது எஃப்.சி.எஃப்.எஸ். தந்த 4.5-ஐவிடவும் அதிகம். கணக்கில் பிழை இல்லை. காத்திருப்பைக் குறைப்பது ரவுண்ட் ராபினின் நோக்கமே அல்ல. யாரும் முதல் வாய்ப்புக்காக நெடுநேரம் நிற்கக் கூடாது என்பதே நோக்கம். இங்கு ரெஸ்பான்ஸ் நேரங்கள் 0, 1, 2, 3, சராசரி 1.5. எஃப்.சி.எஃப்.எஸ்.-இல் அது 4.5. பர்ஸ்ட் நேரம் தெரியாமலே இந்தப் பலன் கிடைக்கிறது. குவாண்டத்தை 6-ஆகவோ அதற்கு மேலோ வைத்தால் யாரும் பாதியில் நிறுத்தப்பட மாட்டார்கள். இதே முறை எஃப்.சி.எஃப்.எஸ். ஆகிவிடும்.

மோதலில் நிறுத்தப்பட்ட பிராசஸை முன்னால் நிறுத்தினால் என்ன ஆகும்? P2 8-இலும், P3 7-இலும் முடியும்; P1, P4 மாறாது. P2-க்கு 2 குறைய, P3-க்கு 2 கூடுவதால் சராசரிக் காத்திருப்பு அதே 5. சராசரி மட்டும் கேட்கப்பட்டால் இந்தக் கணக்கில் வேறுபாடு வெளியே தெரியாது. P3-இன் காத்திருப்பு கேட்கப்பட்டால் 2-க்குப் பதில் 4 என்று வரும். வேறு கணக்குகளில் சராசரியே மாறலாம். ஆகவே எந்த வழக்கம் என்று கேள்வியில் இருக்கிறதா என முதலில் பார்ப்பதும், இல்லாவிட்டால் பின்பற்றிய வழக்கத்தை விடைத்தாளில் ஒரு வரியில் எழுதிவிடுவதும் நல்லது.

விடையைச் சரிபார்த்தல்

இரண்டு சோதனைகள் பெரும்பாலான பிழைகளைப் பிடித்துவிடும். முதலாவது, சார்ட்டின் நீளம். பர்ஸ்ட் நேரங்களின் கூட்டுத்தொகை 6 + 3 + 1 + 4 = 14. சி.பி.யு. இடையில் சும்மா இராத வரை எந்த முறையிலும் பட்டை 14-இல்தான் முடிய வேண்டும். மேலே மூன்றும் அப்படியே முடிகின்றன. ஒரு பிராசஸ் முடிந்து அடுத்தது இன்னும் வராதிருந்தால், அந்த இடைவெளியை வெற்றுக் கட்டமாக வரைய வேண்டும். அதை விட்டுவிட்டால் அதற்குப் பிந்தைய எல்லா நேரங்களும் தவறும்.

இரண்டாவது, சராசரிகளின் வேறுபாடு. சராசரி டர்ன்அரவுண்டிலிருந்து சராசரிக் காத்திருப்பைக் கழித்தால் சராசரி பர்ஸ்ட் நேரம் வர வேண்டும். இங்கு அது 14-ஐ 4-ஆல் வகுத்த 3.5. மூன்று முறைகளிலும் 8 − 4.5, 6 − 2.5, 8.5 − 5 என எல்லாமே 3.5. டர்ன்அரவுண்டைச் சூத்திரத்திலும், காத்திருப்பைச் சார்ட்டின் இடைவெளிகளைக் கூட்டியும் தனித்தனியே கண்டால்தான் இந்தச் சோதனைக்குப் பொருள் உண்டு.

இக்கணக்குகள் ஒரு செலவை ஒதுக்கிவிடுகின்றன. ஒரு பிராசஸை நிறுத்தி மற்றொன்றை ஏற்றும் கான்டெக்ஸ்ட் ஸ்விட்சுக்கும் சிறிது நேரம் பிடிக்கும். எஃப்.சி.எஃப்.எஸ்.-இல் 3 மாற்றங்கள், எஸ்.ஆர்.டி.எஃப்.-இல் 5, ரவுண்ட் ராபினில் 7. குவாண்டத்தைச் சுருக்கச் சுருக்க இந்தச் செலவு ஏறும். மாற்றத்துக்கு இவ்வளவு நேரம் என்று கேள்வியில் தரப்பட்டிருந்தால், அதையும் தனிக் கட்டமாகப் பட்டையில் சேர்த்த பிறகே கழித்தலைத் தொடங்க வேண்டும்.